சாட்சியை அழ வைப்பதுதான் குறுக்கு விசாரணையா?

குறுக்கு விசாரணை முடிந்து வெளியே வந்ததும் கட்சிக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "ஏன் சார் அவன் பொய் சொல்றான்னு நேரடியா கேக்கல?" என்பதுதான். அவர்கள் மேல் தப்பே இல்லை. வக்கீல் குரலை உயர்த்துகிறார், மேசையைத் தட்டுகிறார், சாட்சி வியர்த்து விறுவிறுத்து உண்மையைக் கொட்டிவிடுகிறார், நீதிபதி தீர்ப்பைச் சொல்கிறார், படம் முடிகிறது. இதையே திரையில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு, அமைதியாக ஏழெட்டுக் கேள்வி கேட்டுவிட்டு உட்காரும் வக்கீலைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தானே இருக்கும்.

நிஜத்தில் கூண்டிலேயே ஒருவர் உடைந்துபோய்க் குற்றத்தை ஒப்புக்கொள்வது அபூர்வத்திலும் அபூர்வம். அதைவிட முக்கியமான விஷயம், தவறாகச் சாட்சி சொல்லும் எல்லாரும் பொய்யர்கள் இல்லை. தாங்கள் பார்த்தது சரி என்று மனதார நம்புகிற நேர்மையான மனிதர்களும் தவறாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவரைப் பார்த்துக் கத்தினால் நீதிபதிக்கு அவர் மேல்தான் இரக்கம் வரும்.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் சொல்லும் படம், 1992-ல் வந்த 'மை கசின் வின்னி'. நகைச்சுவைப் படம்தான், ஆனால் குறுக்கு விசாரணையை இவ்வளவு ஒழுங்காகக் காட்டிய படங்கள் குறைவு. இயக்குநர் ஜோனதன் லின் சட்டம் படித்தவர், அது படத்தில் தெரிகிறது.

அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு கடை ஊழியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அந்த வழியாகக் காரில் போன இரண்டு இளைஞர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். டிப்டன் என்ற சாட்சி, இருவரும் கடைக்குள் போனதைப் பார்த்ததாகவும், காலை உணவைச் சமைத்துச் சாப்பிட உட்காரும் நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகவும், இடையில் 5 நிமிடம்தான் ஆனது என்றும் சொல்கிறார். அந்த 5 நிமிடம்தான் அரசுத் தரப்புக்கு உயிர். அவ்வளவு குறுகிய நேரத்தில் இவர்கள் வெளியேறி, வேறு யாரோ உள்ளே போய்ச் சுட்டிருக்க வழியில்லை என்று ஆகிவிடும்.

இளைஞர்களுக்காக வாதாடும் வக்கீல் வின்னி அந்த 5 நிமிடத்தை நேராகத் தொடுவதில்லை. என்ன சமைத்தீர்கள் என்று ஆரம்பிக்கிறார். முட்டை, அப்புறம் கிரிட்ஸ், அதாவது அந்தப் பகுதிக்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் மக்காச்சோளக் குருணைக் கஞ்சி. உடனடிக் கலவையா, சாதாரணமானதா என்று கேட்கிறார். தெற்கத்திக்காரன் எவனும் உடனடிக் கலவையைத் தொடமாட்டான் என்று சாட்சி பெருமையாகச் சொல்கிறார். இப்போது கதவு மூடிவிட்டது, ஏனென்றால் சாதாரணக் கிரிட்ஸ் வேக 20 நிமிடம் ஆகும். சாட்சி பொய் சொல்லவில்லை, நேரத்தைத் தவறாகக் கணித்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் வாயாலேயே 5 நிமிடம் 20 நிமிடமாகிறது, அந்த இடைவெளியில் வேறு இரண்டு பேர் வந்துபோக நேரம் கிடைத்துவிடுகிறது.

கவனித்துப் பாருங்கள், முக்கியமான கேள்விக்கு முன்னாலேயே தப்பிக்கும் வழியை அடைத்துவிட்டார். நேரத்தை முதலில் கேட்டுவிட்டுக் கஞ்சிக்கு அப்புறம் வந்திருந்தால், "அன்று உடனடிக் கலவையைத்தான் போட்டேன்" என்று சாட்சி எளிதாகத் தப்பியிருப்பார். நாங்கள் வழக்குக்கு முன் இரவில் உட்கார்ந்து செய்யும் வேலையில் பெரும்பகுதி, கேள்விகளை இப்படி வரிசைப்படுத்துவதுதான்.

படம் பிசகுவது இதற்கு அடுத்த நொடியில். உங்கள் அடுப்பில் மட்டும் இயற்பியல் விதிகள் வேலை செய்யாதா என்கிற மாதிரி வின்னி சாட்சியைச் சீண்டுகிறார், அந்த 5 நிமிடம் உறுதிதானா என்று மறுபடியும் கேட்கிறார். பார்வையாளருக்குப் புரிய அது தேவை. நிஜத்தில் சாட்சியோடு வாதம் பண்ணும் கேள்வி என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், அதற்குள் சாட்சிக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும். அனுபவமுள்ள வக்கீல் கஞ்சியோடு உட்கார்ந்துவிடுவார். 5-க்கும் 20-க்கும் உள்ள முரணை இறுதி வாதத்தில் எடுத்து வைப்பார், அங்கே பதில் சொல்லச் சாட்சி இருக்கமாட்டார்.

அந்த ஒரு கூடுதல் கேள்வி எவ்வளவு ஆபத்து என்பதற்கு 1959-ல் வந்த 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' நல்ல பாடம். மூல நாவலை எழுதியவர் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் வோல்க்கர், தான் வாதாடிய ஒரு வழக்கை வைத்தே எழுதினார். அதில் அரசுத் தரப்பு வக்கீல், ஒரு பெண் சாட்சி இறந்தவரின் காதலி என்று நினைத்துக்கொண்டு, பொறாமையால்தான் சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்று காட்டுவதற்காகக் குடைந்து குடைந்து கேட்கிறார். அவள் சொல்லும் பதில், இறந்தவர் என் அப்பா என்பது. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்வதை இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது.

கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வரும் ரகசியச் சாட்சி இன்னொரு பெரிய தவறான எண்ணம். பொதுவாக அரசுத் தரப்பு தன் ஆவணங்களையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். வின்னி படத்தில்கூட, கோப்புக்காக அரசு வக்கீலை நட்பாக்க வேட்டைக்குப் போன வின்னியிடம், அவர்கள் அதைக் கொடுத்தே ஆக வேண்டும், அதுதான் சட்டம் என்று அவருடைய காதலி புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். அதே படத்தில் திடீரென்று ஒரு நிபுணர் சாட்சி வரும்போது வின்னி ஒழுங்காக ஆட்சேபிக்கிறார். நீதிபதி அந்த ஆட்சேபத்தைப் பாராட்டிவிட்டு நிராகரிக்கிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் நிஜத்தில் அந்த ஆட்சேபம் பதிவாகிவிட்டதே பெரிய விஷயம், மேல்முறையீட்டில் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாதிட முடியும்.

சாதாரண மக்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய காட்சி படத்தின் ஆரம்பத்திலேயே வருகிறது. ஒரு டின் மீனைக் காசு கொடுக்காமல் எடுத்துவந்ததற்குத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இளைஞன், ஊழியரை எப்போது சுட்டாய் என்று கேட்டதும் அதிர்ந்துபோய், "நான் சுட்டேனா?" என்கிறான். பின்னால் நீதிமன்றத்தில் அது உணர்ச்சியே இல்லாமல், "நான் சுட்டேன்" என்று வாசிக்கப்படுகிறது. பதிவில் தொனி இருக்காது, புருவம் உயர்ந்தது இருக்காது, தலையாட்டியதும் இருக்காது. எழுத்து மட்டும்தான் இருக்கும்.

அதனால் சாட்சி சொல்லப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். கேள்வியைத் திருப்பிக் கேட்டு ஆச்சரியப்படாதீர்கள், "நான் அதைச் செய்யவில்லை" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். தலையை ஆட்டாமல் வாயைத் திறந்து சொல்லுங்கள். நேரமோ தூரமோ சரியாகத் தெரியாவிட்டால் நினைவில்லை என்று சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள், டிப்டன் மாட்டிக்கொண்டது யோசிக்காமல் சொன்ன ஓர் எண்ணால்தான். உங்கள் சாட்சியத்தைப் படித்துக் காட்டுகிறார்கள் என்றால், எவ்வளவு அவசரம் இருந்தாலும் வரி வரியாகக் கேளுங்கள், ஒரு சொல் மாறியிருந்தாலும் கையெழுத்துக்கு முன்னாலேயே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள்.