வாசலா, ஜன்னலா? ஃபெங் சுயி பார்த்து வீட்டு அமைப்பை மாற்றுவதற்கு முன்னால்

சிங்கப்பூரில் வீட்டு உள்ளமைப்பு வேலை செய்கிறேன். சீனக் குடும்பங்களில் பலர் வரைபடம் போடச் சொல்லும்போதே ஃபெங் சுயி பார்ப்பவர் கொடுத்த அறிக்கையையும் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். கட்டில் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, எந்தக் கதவை மூட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். அந்த நம்பிக்கை சரியா தவறா என்று வாதாட வரவில்லை. அறிக்கையை வைத்துக்கொண்டு சுவரை உடைக்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும், அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அடுக்குமாடி வீட்டில் மொத்த அறிக்கையும் ஒரே ஒரு முடிவின் மேல் நிற்கிறது. வீட்டின் "முகம்" எந்தப் பக்கம் என்பதுதான் அது. அந்த முடிவை எப்படி எடுத்தார்கள் என்று கேட்காமலேயே பலர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்றால், இந்தக் கலை அடுக்குமாடிக்காகப் பிறந்தது அல்ல. சீனர்கள் முதலில் இதைக் கல்லறைக்கு இடம் பார்க்கவும் ஊர், வீடு அமைக்கவும் பயன்படுத்தினார்கள். உயிர்ச்சக்தியைக் காற்று கலைத்துவிடும், தண்ணீர் தடுத்து நிறுத்தும் என்பது அடிப்படைக் கருத்து. பெய்ஜிங்கின் பழைய முற்றத்து வீடுகளைப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். நடுவில் முற்றம், சுற்றிலும் நான்கு கட்டடங்கள், முக்கியமான கட்டடம் வடக்கில் உட்கார்ந்து தெற்கைப் பார்க்கும், தெருவாசல் பெரும்பாலும் தென்கிழக்கு மூலையில் இருக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கடுங்காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கு வெயிலை உள்ளே வாங்கும் அமைப்பு அது. அங்கே வீட்டின் முதுகு எது, முகம் எது என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை, பார்த்தாலே தெரியும்.

இப்போது இருபதாவது மாடியில் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் கதவு லிஃப்ட் பக்கம் இருண்ட நடையைப் பார்க்கிறது. கூடத்தின் பெரிய ஜன்னல் வேறொரு பக்கம் வெளிச்சத்தையும் காற்றையும் வாங்குகிறது. முகம் எது? சிலர் ஆள் நுழையும் கதவுதான் முகம் என்பார்கள். சிலர் வெளிச்சம் அதிகம் வரும் பக்கம் என்பார்கள். புளோக் முழுவதற்கும் ஒரே முகம்தான், கட்டடத்தின் முகப்பை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பவர்களும் உண்டு. மூன்று தரப்பிலும் அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள், மூன்றுக்கும் அவரவர் குருவழியில் காரணம் இருக்கிறது.

இதனால் என்ன ஆகும் என்பதை ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். வாடிக்கையாளரின் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். நாலறை வீடு, அதாவது மூன்று படுக்கையறையும் கூடமும். வாசல் கதவு கிழக்கைப் பார்க்கிறது. கூடத்து ஜன்னல் தெற்கைப் பார்க்கிறது. சமையலறை வடகிழக்கில், பெரிய படுக்கையறை தென்மேற்கில், இன்னொரு படுக்கையறை தெற்கில், மூன்றாவது வடக்கில்.

"எட்டு மாளிகை" என்ற முறையில் வீட்டை அது "உட்காரும்" திசையை வைத்து, அதாவது முகத்துக்கு நேர் எதிர்த் திசையை வைத்து, கிழக்குக் குழு, மேற்குக் குழு என்று பிரிப்பார்கள். கிழக்குக் குழு வீட்டுக்கு வடக்கு, தெற்கு, கிழக்கு, தென்கிழக்கு நல்ல பகுதிகள். மேற்குக் குழுவுக்கு மிச்சம் நான்கும், அதாவது மேற்கு, வடமேற்கு, தென்மேற்கு, வடகிழக்கு. கதவை முகமாக எடுத்தால் இந்த வீடு மேற்கில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே மேற்குக் குழு. ஜன்னலை எடுத்தால் வடக்கில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே கிழக்குக் குழு. ஒன்றில் நல்லதாக இருக்கும் ஒவ்வொரு அறையும் மற்றதில் கெட்டது. நடுவழி என்று ஒன்று கிடையாது.

முதலில் வந்தவர் கதவை எடுத்தார். அவர் கணக்கில் தென்மேற்குப் படுக்கையறை அருமை, ஆனால் சமையலறை தவறு. ஏனென்றால் இந்த முறையில் அடுப்பைக் கெட்ட பகுதியில் வைத்து அந்தக் கெட்டதை எரிக்க வேண்டும், நல்ல பகுதியில் வைத்தால் நல்லது எரிந்துபோகும். வடகிழக்கு அவருக்கு நல்ல பகுதி, எனவே சமையலறையை மாற்றச் சொன்னார். வடக்கு அறைக்கு மாற்றலாம் என்று வரைபடத்தில் அம்புக்குறியும் போட்டிருந்தார்.

இது நடக்கவே நடக்காத காரியம். சமையலறைத் தரைக்குக் கீழே நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு இருக்கிறது, கழிவுநீர்க் குழாய் குறிப்பிட்ட இடத்தில்தான் செங்குத்தாக இறங்குகிறது. வடக்கு அறைக்கு நேர் கீழே இன்னொரு குடும்பத்தின் படுக்கையறை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் சுவர் இடிக்கவே அனுமதி வாங்க வேண்டும், பாரம் தாங்கும் கான்கிரீட் சுவரையும் பாம் ஷெல்டர் சுவரையும் தொடவே கூடாது. இவ்வளவும் ஃபெங் சுயி பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, அவர் வேலை அது அல்ல. ஆனால் அறிக்கை கையில் வந்ததும் அதைக் கட்டட வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் முடியாது என்று சொல்வதை மறுபடி ஃபெங் சுயி பார்ப்பவரிடம் கொண்டுபோய், "இது முடியாது, வேறு வழி என்ன?" என்று கேளுங்கள்.

அந்த அறிக்கையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கணவனும் மனைவியும் வெவ்வேறு குழு, ஒரே திசையில் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. இருவரும் மிகவும் கலங்கிப்போயிருந்தார்கள். இந்த முறையில் ஆட்களையும் பிறந்த ஆண்டை வைத்து இதே இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள், கணக்கு எளிது. 2000-க்கு முன் பிறந்த ஆணுக்கு, பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைக் கூட்டி, ஒற்றை இலக்கமாக்கி, 10-இல் இருந்து கழிக்க வேண்டும். பெண்ணுக்கு அதே ஒற்றை இலக்கத்தோடு 5 கூட்ட வேண்டும். 1, 3, 4, 9 வந்தால் கிழக்குக் குழு. 2, 5, 6, 7, 8 வந்தால் மேற்குக் குழு. மனைவி 1986 நடுவில் பிறந்தவர். 8+6=14, 1+4=5, 5+5=10, அதாவது 1. கிழக்குக் குழு. கணவர் 1983. 8+3=11, 1+1=2, 10-2=8. மேற்குக் குழு. சரிதானே என்று தோன்றும். ஆனால் அவர் பிறந்தது ஜனவரியில். இந்தக் கணக்கில் ஆண்டு பொதுவாக பிப்ரவரி 4 வாக்கில்தான் தொடங்கும், ஆகவே அவர் 1982-இல் சேர வேண்டும். 8+2=10, அதாவது 1, 10-1=9. கிழக்குக் குழு! இருவரும் ஒரே குழுதான். சீனப் புத்தாண்டை வைத்துக் கணக்கிட்டாலும் இவர் முந்தைய ஆண்டில்தான் போய் விழுவார். பிறந்த ஆண்டை மட்டும் கேட்டுப் பதில் சொல்லும் இணையக் கணிப்பான்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. ஜனவரியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ பிறந்தவர்கள் தங்கள் எண்ணைக் கட்டாயம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் திசைமானி. இந்த முறையில் ஒரு திசைக்கு 45 பாகை இருப்பதால் சிறு பிழை தாங்கும். ஆனால் "பறக்கும் நட்சத்திரம்" என்ற இன்னொரு முறையில் வட்டத்தை 24-ஆகப் பிரிப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 15 பாகைதான். இந்த வீட்டில் இரும்பு கேட்டுக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில் பார்த்தபோது 70 காட்டியது, கேட்டைவிட்டு உள்ளே தள்ளி வந்து பார்த்தபோது 84. இரண்டும் கிழக்குதான், ஆனால் 82.5-இல் எல்லை ஒன்று இருக்கிறது, எனவே அந்த முறையில் இரண்டும் வேறு வேறு வீடு போல ஆகிவிடும். கேட், லிஃப்ட், சுவருக்குள் இருக்கும் கம்பி, கைப்பேசி உறையில் இருக்கும் காந்தம், எல்லாமே முள்ளை இழுக்கும். மூன்று இடங்களில் தனித்தனியாகப் பாருங்கள், அதைக் கட்டட வரைபடத்தில் இருக்கும் வடக்குக் குறியோடு ஒப்பிடுங்கள். சில பாகைக்கு மேல் முரண்பட்டால் அந்த அளவை நம்பாதீர்கள். வாசலில் ஒரே ஒரு முறை அளந்துவிட்டுக் கிளம்புகிறவரிடம் இன்னொரு முறை அளக்கச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இந்தத் தம்பதி பிறகு இன்னொருவரைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலை முகமாக எடுத்தார். அதன்படி சமையலறை சரியான இடத்திலேயே இருக்கிறது, ஆனால் தென்மேற்குப் படுக்கையறை இருப்பதிலேயே மோசமான பகுதி. (வாஸ்து பார்க்கும் நம் வீடுகளில் குடும்பத் தலைவருக்குத் தென்மேற்கைத்தான் கொடுப்பார்கள். இரண்டையும் கலந்து பார்க்கும் குடும்பங்கள் இங்கே உண்டு, அவர்கள் தயவுசெய்து ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.) தெற்கு அறையில் படுங்கள் என்றார். அதை எப்படிச் செய்யலாம் என்று வரைந்து பார்த்தோம். தெற்குச் சுவரில் ஜன்னல் இருக்கிறது, ஜன்னலுக்குக் கீழே தலைமாடு வைக்க இந்தக் கலையும் ஒப்புக்கொள்ளாது, நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன், மழைச்சாரல் நேரே தலையணையில் விழும். கிழக்குச் சுவரில் ஜன்னல் இல்லை, இருவருக்கும் கிழக்கு நல்ல திசை. தலைமாடு அங்கே போனது. அறைக்கதவு வடக்கிலிருந்து திறப்பதால் கட்டில் கதவுக்கு நேராகவும் வரவில்லை. கண்ணாடி பதித்த அலமாரியை மட்டும் கட்டிலைப் பார்க்காதபடி திருப்பினோம்.

இழப்பும் இருந்தது. பெரிய அறையோடு ஒட்டியிருக்கும் குளியலறை அவர்களுக்குப் போய்விட்டது, இரவில் நடையைக் கடந்துதான் போக வேண்டும். ஆனால் அந்தத் தென்மேற்கு அறையின் மேற்குச் சுவர் மாலை வெயிலை வாங்கி இரவு வரை சுடும். பகலில் மட்டும் வேலை செய்யும் அறையாக அது ஆனதில் அவர்களுக்கு வருத்தமில்லை. ஒரு சுவரும் இடியவில்லை.

இரண்டாமவர் சொன்னதுதான் உண்மை என்று நான் சொல்ல மாட்டேன். திசையால் செல்வம் வரும், நோய் போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்து ஆதாரம் எதுவும் இல்லை. என் அக்கறை வேறு. முகம் எது என்ற கேள்விக்குப் பதில் மாறினால் மொத்த அறிக்கையும் தலைகீழாகும்போது, அந்தப் பதிலை நம்பித் திரும்பக் கட்ட முடியாத சுவரை உடைக்காதீர்கள். கட்டில், மேசை, அலமாரி, கண்ணாடி, திரை, இவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

2024 பிப்ரவரியில் பறக்கும் நட்சத்திர முறையின் இருபதாண்டுக் கட்டமான "ஒன்பதாம் காலம்" தொடங்கிவிட்டது, 2043 வரை நீடிக்கும், அதற்கேற்ப வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடமும் இதையே கேளுங்கள். எதை முகமாக எடுத்தீர்கள், எத்தனை இடத்தில் அளந்தீர்கள், நீங்கள் சொல்லும் மாற்றத்தில் எதெல்லாம் மரச்சாமானை நகர்த்துவது, எதெல்லாம் கட்டட வேலை? பதிலை எழுத்தில் வாங்குங்கள், அதுவும் மின்சார வேலை செய்பவர் சுவரில் ஸ்விட்ச், பிளக் இடங்களைக் குறிப்பதற்கு முன்னால் வாங்குங்கள். தலைமாடு எந்தச் சுவர் என்று தெரியாமல் அவரால் கட்டிலோரத்து பிளக்கை எங்கேயும் வைக்க முடியாது.