பருவைச் சுற்றி என்ன இருக்கிறது?

முகப் படத்தில் பருவையோ தழும்பையோ நீக்க ஃபோட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ், பேட்ச் டூல், குளோன் ஸ்டாம்ப் என்று மூன்று கருவிகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்று தெரியாமல் பருவையே உற்றுப் பார்க்கிறோம். அதன் ஓரத்தைப் பார்த்தால் விடை சீக்கிரம் கிடைத்துவிடும்.

கன்னத்தின் நடுவே ஒரு பரு என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில் பருவைச் சுற்றியுள்ள தோலின் வெளிச்சம் 180. கொஞ்சம் நிழலாக இருக்கும் தாடைப் பக்கம் 150. Alt விசையை அழுத்தியபடி தாடையில் கிளிக் செய்து மாதிரி எடுக்கிறீர்கள். குளோன் ஸ்டாம்ப் அந்த 150-ஐ அப்படியே கொண்டுவந்து ஒட்டும். பரு போய்விடும், ஆனால் அந்த இடத்தில் அழுக்கு படிந்ததுபோல ஒரு திட்டு தெரியும்.

ஹீலிங் பிரஷ் அப்படி ஒட்டுவதில்லை. மாதிரியில் ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். தாடையில் தோல் 150, அதன் நுண்துளை 145 என்றால், கன்னத்தில் அவை ஏறக்குறைய 180, 175 ஆகிவிடும். அடிப்படை நிறத்தைத் தீட்டிய இடத்தின் ஓரத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. அதனால் ஒட்டுப் போட்டது தெரியாது.

அதன் பலவீனமும் இதேதான். பரு புருவத்தை ஒட்டி இருந்தால் ஓரத்தின் ஒரு பக்கம் தோல் 180, மறுபக்கம் முடி 40. இரண்டையும் உள்ளே இழுத்துக் கலந்து, மை அப்பியதுபோலக் கறுப்பாக்கிவிடும். இங்கேதான் குளோன் ஸ்டாம்ப் வேண்டும். எதையும் கலக்காது என்பதால், அதே வெளிச்சமுள்ள பக்கத்துத் தோலிலிருந்து மாதிரி எடுத்து, சின்ன பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்தால் போதும். இன்னொரு வழியும் உண்டு: புருவத்தின் எல்லையை ஒட்டித் தோலை மட்டும் செலக்ட் செய்துகொண்டால், ஹீலிங் பிரஷ்ஷுக்குள் முடியின் கறுப்பு கசியாது.

பேட்ச் டூல் செய்வதும் ஹீலிங்தான். பிரஷ்ஷால் தீட்டுவதற்குப் பதிலாக, குறையைச் சுற்றிக் கோடு வரைந்து நல்ல தோலின்மேல் இழுத்துவிடுகிறோம். நெற்றியில் நெருக்கமாக நாலைந்து தழும்புகள் இருந்தால் இதுதான் சௌகரியம். ஒவ்வொன்றையும் ஒரே மாதிரியை வைத்துத் தீட்டினால் அதே நுண்துளைகள் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு சங்கடம், தோலின் சொரசொரப்பு. ஹீலிங் நிறத்தைச் சரிசெய்யுமே தவிர, நுண்துளையின் அளவை மாற்றாது. மூக்கின் தோலைக் கண்ணுக்குக் கீழே இழுத்தால் நிறம் கச்சிதமாகப் பொருந்தும், ஆனாலும் ஏதோ உறுத்தும். 100% அளவில் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

அப்புறம், மச்சத்தைத் தொடுவதற்கு முன் படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.