புளி கரைப்பது ஊசியை அல்ல

"சேனைக்கிழங்கைப் புளித்தண்ணீரில் போட்டுத்தான் வேகவைத்தேன். அப்படியும் தொண்டை காறுகிறது. புளி போதவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பெரும்பாலும் குறை புளியில் இருக்காது, வேக்காட்டில்தான் இருக்கும்.

சேனை, கருணை, சேம்பு எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு ஊசி ஊசியாகப் படிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு நீளம்தான், ஆனால் முனை மிகக் கூர்மை. கிழங்கு முழுக்க இவை தூவிக் கிடப்பதில்லை. இதற்கென்றே தனி செல்கள் உண்டு. நீண்ட செல் ஒன்றுக்குள் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே திசை பார்த்துக் கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் கொழகொழப்பான பசை. செல்லின் நுனியில் மட்டும் சுவர் மெலிந்திருக்கும்.

கத்தி பட்டு அந்தச் செல்லின் மேல் தண்ணீரோ உமிழ்நீரோ படும்போது, பசை நீரை உறிஞ்சி உப்பும். உள்ளே அழுத்தம் ஏற ஏற மெலிந்த நுனி திறந்துகொள்ளும். அந்த வாய் வழியாக ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே பாயும். நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணெதிரே நடக்கும். நரம்பும் தசையும் இல்லாத ஒரு செடி, வெறும் பசையின் வீக்கத்தை வைத்தே தன்னைக் கடிப்பவனைத் தாக்குவதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுக்கவில்லை. நறுக்கும்போது கையும் கிழங்கும் ஈரமில்லாமல் இருக்கட்டும், கையில் எண்ணெய் தடவிக்கொள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் காரணமும் இதுதான்.

ஊசி குத்துவதோடு கதை முடிவதில்லை. சேம்பிலிருந்து எடுத்த ஊசிகளை நன்றாகக் கழுவிவிட்டால் அரிப்பு பெருமளவு போய்விடுகிறது. ஊசியின் மேல் ஒட்டியிருந்த, புரதத்தைச் சிதைக்கும் நொதி கழன்றுவிட்டதே காரணம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டியது. கிவிப் பழத்து ஊசிகளை மட்டும் ஆமணக்கு இலையில் தடவிப் பட்டுப்புழுக்களுக்குக் கொடுத்தார்கள், பெரிய பாதிப்பில்லை. நொதியை மட்டும் கொடுத்தபோதும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது புழுக்கள் கறுத்துச் செத்தன. மருத்துவர் போடும் ஊசியைப் போல, முனை துளையிடுகிறது, மருந்து உள்ளே போகிறது.

இனி புளிக்கு வருவோம். அமிலம் ஊசியைக் கரைத்துவிடும் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். தாவரவியல் ஆய்வகத்தில் கால்சியம் ஆக்சலேட்டை அடையாளம் காண்பதே, அது வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தில் கரையாது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையும் என்பதை வைத்துத்தான். புளியின் டார்டாரிக் அமிலம் வினிகரைவிடச் சற்று வலுவானது. ஆனாலும் சமையலில் நாம் விடும் அளவுக்குக் கரைவது மிகச் சொற்பம். கொதியும் ஊசியைக் கரைக்காது. ஆனால் நொதியின் வடிவத்தைக் குலைத்துவிடும். அமிலம் அந்தக் குலைவை எளிதாக்குகிறது. வெந்து குழைந்த மாவுச்சத்தில் ஊசிகளும் சிக்கிக்கொள்கின்றன. பெரிய வேலை வெப்பத்துடையது, புளி அதற்குத் துணை.

அந்தத் துணையிலும் ஒரு சிக்கல் உண்டு. புளிப்பில் காய்கறியின் செல்சுவர் எளிதில் இளகாது. வறுவலுக்குத் துண்டு உடையாமல் நிற்பது இதனால்தான். புளியைக் கெட்டியாகக் கரைத்துவிட்டால், துண்டின் வெளிப்புறம் வெந்ததுபோல் தெரியும், நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். வாசகிக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அரை கிலோ சேனைக்குத் தோலைத் தடிமனாகச் சீவி, விரல் தடிமனுக்கு நறுக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் நெல்லிக்காய் அளவு புளி, அரைக் கரண்டி மஞ்சள்தூள், உப்பு. புளி இல்லையென்றால் 2 மேசைக்கரண்டி வினிகர் போதும். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு துண்டுகளைப் போடுங்கள். இருப்பதிலேயே தடித்த துண்டின் நடுவில் கத்தி தடையில்லாமல் இறங்கும்வரை வேகட்டும். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குழம்புக்கு எடுக்க வேண்டாம். பச்சைத் துண்டை நேரே எண்ணெயில் போட்டால் மேலே சிவந்து உள்ளே வேகாது, காறல் நிச்சயம். சேப்பங்கிழங்கைத் தோலோடு முழுதாக வேகவைத்து உரித்து, அதன்பின் புளிக்குழம்பில் சேர்ப்பது நல்லது.

நல்ல கிழங்கு கிடைப்பதும் பாதி வேலை. ஆந்திரத்திலிருந்து வந்த கஜேந்திரா என்ற சேனை ரகத்தில் காறல் மிகக் குறைவு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் சேனை, சேம்பு ரகங்களில் வேலை செய்கிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் ஒதுக்கும் ஆய்வுப் பணத்தில் சிறு பங்காவது இந்தக் கிழங்குகளுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

பரிமாறும் முன் ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்து 2 நிமிடம் பொறுங்கள். சுருக்கென்றால் இன்னும் வேகட்டும். சாப்பிட்ட பிறகு காறினால் மோர் குடிக்கலாம், குத்திய ஊசியை அது எடுக்காது, எரிச்சல் தணியும். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.