தொலைபேசி இலக்கம் கணக்குப் போடுவதற்கான எண் அல்ல

இந்த ஆண்டில் மட்டும் நான்காவது முறையாக இதே பிழையைத் திருத்திக் கொடுத்த பிறகு இதை எழுதுகிறேன். திருகோணமலையிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள சிறு நிறுவனங்களின் தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் தொழில். அவற்றில் பெரும்பாலானவை, பாடநெறியொன்றை அண்மையில் முடித்த இளையோர் கட்டிக் கொடுத்தவை. அவர்களின் உழைப்பில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அட்டவணையை உருவாக்கும்போது phone என்ற நிரலுக்கு INT, அதாவது முழு எண் வகை, என்று எழுதிவிடும் அந்த ஒரு கணம், பல மாதங்கள் கழித்து யாரோ ஒருவரைக் கடற்கரையில் காத்து நிற்க வைக்கிறது என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

கடைசியாக வந்தது நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்குப் படகு விடும் ஒருவரின் முறைப்பாடு. ஒரு நாள் அதிகாலையில் கடல் கொந்தளித்ததால் அன்றைய பயணங்களை நிறுத்திவிட்டு, பதிவு செய்திருந்த அனைவருக்கும் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். ஆனால் கண்டியிலிருந்து இரவோடு இரவாகப் புறப்பட்ட ஒரு குடும்பமும், விருந்தினர் விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டவர் சிலரும் எதுவும் தெரியாமல் கரைக்கு வந்து நின்றார்கள். “தம்பி, எல்லாருக்கும் அனுப்பினதாத்தான் திரையில காட்டுது. ஆனா வந்தவங்க ஒருத்தருக்கும் கிடைக்கல்ல எண்டு சொல்றாங்க” என்றார். அன்று பிற்பகல் நான் அட்டவணையைத் திறந்தபோது கண்ட ஐந்து வரிகள் கீழே உள்ளன. வாடிக்கையாளரின் உண்மையான இலக்கங்களை நீக்கி, மாதிரி இலக்கங்களை இட்டிருக்கிறேன்.

```
id    phone
41     770000000
42    2147483647
43    2147483647
44     491570156
45            26
```

அந்தப் படகுக்காரர் எல்லாப் பதிவுகளையும் முதலில் பேனாவால் ஒரு கொப்பியில் எழுதிவிட்டுத்தான் கணினியில் ஏற்றுவார். அது பெரும் பேறு. கொப்பியில் 41ஆவது பதிவுக்கு 0770000000 என்றிருந்தது. 42க்குக் கண்டிக் குடும்பத்தின் +94770000000, 43க்கு இங்கிலாந்துப் பயணி ஒருவரின் 07700900123, 44க்கு அவுஸ்திரேலியப் பயணி ஒருவரின் 0491570156, 45க்கு நம் ஊர் நிலையான தொலைபேசி 026-2000000.

முதல் வரியில் நடந்தது எளிது. எண்ணாகப் பார்த்தால் 0770000000 என்பதும் 770000000 என்பதும் ஒன்றே, ஆகவே முன்னால் உள்ள பூச்சியத்தை வைத்திருக்க எண் வகை நிரலுக்குக் காரணம் எதுவும் இல்லை. கூட்டல் குறியும் அவ்வாறே நேர் எண் என்பதற்கான அடையாளமாக வாசிக்கப்பட்டு விடப்படுகிறது. 42ஆவது வரியில் கூட்டல் குறி போன பின் எஞ்சிய 94770000000, INT தாங்கக்கூடிய உச்சமான 2147483647ஐ விடப் பெரியது. அந்தச் சேவையகத்தில் மைஎஸ்கியூஎல் கடும் முறையில் இயங்கவில்லை. எனவே அது பிழை சொல்லி மறுக்காமல் ஓர் எச்சரிக்கையை மட்டும் பதிந்துகொண்டு, தன்னால் முடிந்த மிகப் பெரிய எண்ணை அங்கே எழுதிவிட்டது. 43க்கும் அதே கதிதான். கண்டியிலிருந்து வந்தவரும் இங்கிலாந்துப் பயணியும் ஒரே இலக்கத்துக்கு உரியவர்களாகிவிட்டார்கள். 45இல் 026க்குப் பின் இடைக்கோடு வந்ததும் வாசிப்பு நின்றுவிட, 26 மட்டும் மிஞ்சியது.

உங்கள் அட்டவணையில் 2147483647 திரும்பத் திரும்பத் தென்பட்டால் வேறு காரணம் தேட வேண்டாம். அது பார்வைக்கு அமெரிக்காவின் டாலஸ் நகரத் தொலைபேசி இலக்கம் போலவே இருக்கும், ஏனெனில் 214 அந்நகரின் பகுதிக் குறியீடு. “எங்களுக்கு ஏன் டாலஸிலிருந்து இத்தனை வாடிக்கையாளர்கள்?” என்று ஒருவர் என்னிடம் உண்மையாகவே கேட்டிருக்கிறார்.

இந்தப் பிழை இத்தனை மாதம் மறைந்திருந்ததற்கும் காரணம் உண்டு. மென்பொருளை எழுதியவர் பூச்சியம் தொலைவதைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் நிரலின் வகையைத் திருத்தாமல், அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால் 94ஐ ஒட்டிவிட்டார். 41ஐப் போன்ற உள்ளூர்க் கைத்தொலைபேசிகளுக்குச் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. குறுஞ்செய்திச் சேவை ஏற்காத இலக்கங்களையும் திரை “அனுப்பப்பட்டது” என்றே காட்டியது.

இங்கேதான் எனக்கு மிகவும் மனத்தாங்கல் தரும் எண்ணத்துக்கு வருகிறேன். “பூச்சியம் தானே போனது, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். அவுஸ்திரேலியக் கைத்தொலைபேசி இலக்கங்கள் 04 என்று தொடங்கிப் பத்து எண்கள் கொண்டவை. நம் மாத்தறையின் பகுதிக் குறியீடு 041, அதுவும் சேர்த்துப் பத்து எண்கள். பூச்சியம் போன பிறகு 412 என்று தொடங்கும் ஒன்பது எண்களைப் பார்த்து, அது மாத்தறை வீடொன்றின் தொலைபேசியா சிட்னிக்காரர் ஒருவரின் கைத்தொலைபேசியா என்று எவராலும் சொல்ல முடியாது. அதேபோல, நிரலை BIGINT ஆக்கினால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய எண்கள் அதில் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் இங்கிலாந்தின் 07700900123 அதில் 7700900123 ஆகச் சேரும். அதில் பத்து எண்கள் இருப்பதால், “பத்து இருந்தால் சரி” என்று சோதிக்கும் மென்பொருள் அதை முழுமையான இலங்கை இலக்கமாகவே எடுத்துக்கொள்ளும். INTஇல் பிழை கண்ணில் பட்டது. BIGINTஇல் அதுவும் படாது.

“எண்களால்தானே எழுதுகிறோம், பிறகு ஏன் எண் வகை கூடாது?” என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இரண்டு தொலைபேசி இலக்கங்களைக் கூட்டுவீர்களா, சராசரி காண்பீர்களா என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. எண்ணில் முன்பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை. தொலைபேசி இலக்கத்திலோ அது “நாட்டுக்குள்ளேயே அழைக்கிறேன்” என்று இணைப்பகத்துக்குச் சொல்லும் குறி. கூட்டல் குறி, “அடுத்து வருவது நாட்டுக் குறியீடு” என்று சொல்கிறது. இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்கு அழைக்கும்போது அதன் இடத்தில் 00 அழுத்துகிறோம். ஆகவே 0770000000 என்பதும் +94770000000 என்பதும் ஒரே தொலைபேசிக்குச் செல்லும் இரு வழிகள். +940770000000 என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் அது இலக்கமே அல்ல. நாட்டுக் குறியீடு வந்தால் பூச்சியம் போய்விடும் என்பதை எல்லா நாட்டுக்கும் விதியாக்கிவிடவும் வேண்டாம். இத்தாலியின் நிலையான தொலைபேசிகளில் +39க்குப் பிறகும் பூச்சியம் இருந்தே ஆக வேண்டும். உரோமாபுரி +39 06 என்றே தொடங்கும்.

எனவே நிரலை எழுத்து வகையாக அமையுங்கள். அனைத்துலக வடிவத்தில் ஓர் இலக்கம் நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து அதிகபட்சம் 15 எண்கள் கொண்டது, கூட்டல் குறியோடு 16. VARCHAR(20) தாராளமாகப் போதும். உள்ளிடும் படிவத்தில் நாட்டைக் கட்டாயம் கேளுங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன அட்டவணை கையில் இருந்தால், தயவுசெய்து முதலில் நிரலின் வகையை மாற்றாதீர்கள். வகையை மாற்றினால் பூச்சியம் திரும்பி வராது, 770000000 என்பது எழுத்தாக மாறுமே தவிர வேறொன்றும் நடக்காது. முதலில் பிரதி எடுத்து வையுங்கள். பின் எத்தனை எண்கள் கொண்ட இலக்கங்கள் எத்தனை உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.

```
SELECT CHAR_LENGTH(phone) AS len, COUNT(*)
FROM bookings GROUP BY len;
```

உள்ளூர்ப் பதிவுகள் ஒன்பதில் குவிந்திருக்கும். இரண்டு, மூன்று என்று வருபவை இடைக்கோட்டிலோ இடைவெளியிலோ வெட்டப்பட்டவை. பத்தில் வருபவற்றில் 2147483647ஐத் தனியே பிரித்துவிடுங்கள். அதன் பிறகு பழைய நிரலைத் தொடாமல் புதிய நிரல் ஒன்றைச் சேர்த்து, உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் அதில் நிரப்புங்கள்.

```
ALTER TABLE bookings ADD phone_text VARCHAR(20);

UPDATE bookings
SET phone_text = CONCAT('+94', phone)
WHERE country = 'LK' AND CHAR_LENGTH(phone) = 9;
```

நாடு பதியப்படாத வரியில் ஊகித்து எதையும் எழுத வேண்டாம். படகுக்காரரின் அட்டவணையில் நாட்டு நிரல் இருந்ததால் 41 இவ்வாறு மீண்டது. 44க்கு அவுஸ்திரேலியா என்று குறிக்கப்பட்டிருந்ததால் +61 சேர்த்தோம். 42, 43, 45 மூன்றையும் தரவுத்தளத்திலிருந்து எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. கொப்பியைப் பார்த்துத்தான் எழுதினோம்.

நிரலைச் சரியாக அமைத்த பின்னும் இரண்டு வாசல்கள் திறந்தே இருக்கின்றன. ஒன்று, மேற்கோள் குறி இல்லாமல் எழுதும் INSERT கட்டளை. நிரல் VARCHAR ஆக இருந்தாலும், கீழே உள்ள முதல் வரி பூச்சியத்தைத் தொலைத்துவிடும், இரண்டாவது வரி காக்கும்.

```
INSERT INTO bookings (phone_text) VALUES (0770000000);
INSERT INTO bookings (phone_text) VALUES ('0770000000');
```

மற்றது எக்செல். தரவுத்தளத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பு சரியாகவே இருக்கும். அலுவலகத்தில் ஒருவர் அதை இருமுறை சொடுக்கித் திறந்து, ஒரு வரியை நீக்கிவிட்டுச் சேமிப்பார். திறந்த அந்த நொடியிலேயே முன்பூச்சியங்களும் கூட்டல் குறிகளும் போய்விடுகின்றன, சேமித்ததும் கோப்பிலும் அவை இல்லை. அந்தக் கோப்பைத் தரவுத்தளத்தில் மறுபடி ஏற்றினால் ஒழுங்காக இருந்த வரிகளும் கெடும். கோப்பைச் சொடுக்கித் திறக்காமல், Data பட்டியலின் வழியே இறக்குமதி செய்து, தொலைபேசி நிரலை Text என்று தெரிவு செய்யச் சொல்லிக் கொடுங்கள். கலத்தின் வடிவத்தை 0000000000 என்று மாற்றிப் பூச்சியத்தைக் காட்டச் செய்தாலும், கலத்துக்குள் இருப்பது அதே ஒன்பது எண்கள்தான்.

வேலையை ஒப்படைப்பதற்கு முன் நம் ஊர் 026 இலக்கம் ஒன்று, +94 இலக்கம் ஒன்று, 0 தொடக்கமுள்ள வெளிநாட்டு இலக்கம் ஒன்று என மூன்றை உள்ளிட்டு, சேமித்து, கோப்பாக இறக்கி, மறுபடி ஏற்றி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. வாடிக்கையாளரிடம் கொப்பி இருந்தால், அந்த ஒப்பீடு முடியும்வரை அதை எறிய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.