லவ் பாம்பிங்: 'அன்பு மழை' என்று எழுதாதீர்கள்

அளவுக்கு மீறிய அன்பாலும் பரிசாலும் ஒருவரைத் திணறடித்துத் தன் பிடிக்குள் கொண்டுவருவதுதான் 'லவ் பாம்பிங்'. அந்தச் சொல் வரும் இடமெல்லாம் 'அன்பு மழை' என்றே எழுதுகிறார்கள். தமிழில் மழை வரம். பாராட்டு விழாச் செய்தியில் 'ரசிகர்களின் அன்பு மழையில் நனைந்தார்' என்று எழுதும் அதே சொல்லை எச்சரிக்கைக்கும் வைத்தால், படிக்கிற பெண் எப்படி உஷாராவாள்?

1970களில் அமெரிக்காவில், கொரிய மதத்தலைவர் சன் மியுங் மூனின் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மதக் குழுவைச் சேர்ந்தவர்களே தங்கள் வழக்கத்துக்கு வைத்த பெயர் இது. புதிதாக வந்தவரைச் சூழ்ந்துகொண்டு, புகழ்ந்து, தனியே யோசிக்க நேரமே தராமல் தங்கள் பக்கம் இழுப்பார்கள். காதல் உறவுக்கு இந்தச் சொல் பிறகுதான் வந்தது.

'காதல் குண்டுவீச்சு' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, சிரிப்புதான் வரும். 'அன்புத் திணிப்பு' பரவாயில்லை. வேண்டாம் என்றாலும் விடாத குணம் அதில் இருக்கிறது. ஆனால் திணிப்பது ஆரம்பத்திலேயே கசக்கும். இதுவோ முதல் இரண்டு மாதம் இனிக்கிறது. வெளி உலகத்தோடு தொடர்பை அறுக்கும் வேலையும் அந்தச் சொல்லில் இல்லை. அதனால் நான் 'அன்பு முற்றுகை' என்கிறேன். கோட்டையை முற்றுகையிடுபவன் முதலில் செய்வது உள்ளே போகிற வழிகளை அடைப்பதுதான்.

ஓ.எம்.ஆரில் வேலை, வேளச்சேரியில் ஹாஸ்டல் என்று இருக்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பழகிய இரண்டாவது வாரமே "நீதான் என் பொண்டாட்டி" என்கிறான். மதிய சாப்பாட்டுக்குள் வாட்ஸப் நிரம்பிவிடுகிறது, ஆபீசுக்குப் பூங்கொத்து வருகிறது. இதுவரை ஆசை மிகுந்த காதலனும் செய்யக்கூடியதே. ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் சொல்லும்போதுதான் வித்தியாசம் தெரியும். "என்னைவிட அக்கா முக்கியமா?" என்று முகத்தைத் தூக்கிக்கொள்கிறான். அன்று மாலை சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். "கொஞ்சம் மெதுவாகப் போகலாமே" என்று கேட்டால், "உனக்காக எவ்வளவு பண்ணியிருக்கேன்" என்று பூங்கொத்துக்கும் வாட்சுக்கும் கணக்குச் சொல்கிறான். இரண்டு நாள் பேச்சில்லை. அவளே மன்னிப்புக் கேட்டதும் மறுபடி பரிசு வருகிறது. அடுத்த ஞாயிறு அவள் தாம்பரம் போவதில்லை.

'அன்பு மழை' என்று எழுதுகிறவர்கள் பூங்கொத்தோடு நின்றுவிடுகிறார்கள், தாம்பரம் வரை வருவதே இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு தேடுமுன், அந்தச் செயல் என்ன செய்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்க வேண்டாமா? இங்கிலாந்து, வேல்ஸ் அரசு வழக்குத்தொடர் துறை, துணையைக் கட்டுப்படுத்தி வதைக்கும் குற்றத்துக்கான தன் வழிகாட்டுதலில் 2023இல் இதையும் சேர்த்தது. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதுகிறவர், அன்பு மழை பொழிந்ததும் குற்றமாகலாம் என்றா எழுதுவார்?

அதற்காக, பூங்கொத்தையும் குறுஞ்செய்தியையும் மட்டும் பார்த்து ஒருவனை முற்றுகையாளன் என்றுவிடக் கூடாது. மெதுவாகப் போகலாம் என்றதும் வெட்கப்பட்டு, "சரி, அக்காவைக் கேட்டதாகச் சொல்லு" என்கிறவனும் இருக்கிறான். அவனுக்கு இந்தச் சொல் பொருந்தாது.