டமி அம்பை அழித்தால் இரண்டு நாள் கூடும்

ஒரு திட்டத்தின் வேலைகளை வரிசைப்படுத்தி எத்தனை நாளில் முடியும் என்று பார்க்கும் வலைப்பின்னல் கணக்குகளைப் பழைய பாடநூல்களிலிருந்து எடுத்துத் திருகோணமலை மாணவர்கள் செய்து கொண்டுவரும்போது ஒரே பிழைதான் திரும்பத் திரும்ப வருகிறது. வேலை எதுவும் இல்லாமல் வரிசையை மட்டும் காட்டும் புள்ளிக்கோட்டு அம்பு காணாமல் போயிருக்கும். கேட்டால், "அது டமிதானே சேர், நாள் பூச்சியம். இருந்தாலென்ன, விட்டாலென்ன?" இந்தப் பதிலை இனியும் கேட்கப் பொறுமை இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இப்போது கணினியில் பழகுவது கணுமுறை. வேலை பெட்டிக்குள் இருக்கும், அம்பு தொடர்பை மட்டும் காட்டும். 1950களின் கடைசியில் டுபாண்ட் நிறுவனத்திலும் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் திட்டத்திலும் உருவான முறைகள் அம்புமுறையில் வளர்ந்தவை. அதில் அம்புதான் வேலை, வட்டம் ஒரு நிகழ்வு. வினாவில் 1-3 என்றிருந்தால் அது 1ஆம் வட்டத்தில் தொடங்கி 3ஆம் வட்டத்தில் முடியும் ஒரு வேலை. அதை "முதலாம் வேலையும் மூன்றாம் வேலையும்" என்று வாசித்துவிட்டால் கணக்கு அங்கேயே போய்விடும்.

வட்டத்துக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. உள்ளே வரும் அம்புகள் எல்லாம் முடிந்தால்தான் வெளியே போகும் எந்த அம்பும் தொடங்கலாம். டமி தேவைப்படுவது இந்த விதியால்தான்.

கிண்ணியாவில் வலை வைக்க ஒரு சிறு களஞ்சியம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அத்திவாரம் வெட்ட 6 நாள். சீமெந்து, மரம் முதலிய சாமான் கொண்டுவர 2 நாள். இவை இரண்டும் முடிந்தபின் அத்திவாரக் கொங்கிறீட், 3 நாள். கதவு நிலை செய்ய 5 நாள், அதற்குச் சாமான் வந்தால் போதும், கிடங்கு வெட்டி முடியவேண்டியதில்லை. கொங்கிறீட்டும் நிலையும் முடிந்தபின் சுவர், 8 நாள்.

அம்புமுறையில் வெட்டுதல் 1-3, சாமான் 1-2, நிலை 2-4, கொங்கிறீட் 3-4, சுவர் 4-5. கொங்கிறீட் சாமானுக்கும் காத்திருக்க வேண்டுமே? அதைச் சொல்வதுதான் 2-3 என்ற டமி. 3ஆம் நிகழ்வு 6ஆம் நாள், 4ஆம் நிகழ்வு 9ஆம் நாள், வேலை முடிவது 17ஆம் நாள்.

இனி டமியை அழித்துவிட்டு வெட்டுதலையும் சாமானையும் ஒரே வட்டத்தில் முடியுங்கள். நிலை செய்பவரும் கிடங்கு வெட்டி முடியும்வரை, 6 நாள், சும்மா இருக்க வேண்டும். அவர் முடிப்பது 11இல், மொத்தம் 19 நாள். மொத்த நாளைத் தீர்மானிக்கும் கிரிட்டிக்கல் பாதையும் கொங்கிறீட்டை விட்டு நிலை வழியாகப் போய்விடும். ஐப்பசி மழைக்கு முன் கூரை போட நினைப்பவருக்கு இல்லாத இரண்டு நாளைச் சொல்லிப் பயமுறுத்தியதுதான் மிச்சம். அம்பின் தலையைத் திருப்பி 3-2 என்று போட்டாலும் அதே 19தான் வரும். அதோடு சாமான் வராமலே கொங்கிறீட் தொடங்கலாம் என்றும் படம் சொல்லும். டமியின் வால் முந்தி முடியவேண்டிய வேலையில், தலை காத்திருக்கும் வேலையில். இதை மாற்றாதீர்கள்.

(கொங்கிறீட் இறுக விடும் நாட்களை டமி என்று போடுபவர்களும் உண்டு. ஆள் வேலை செய்யாவிட்டாலும் நாள் போகிறது. அதனால் அது முழுக்கோட்டு அம்புதான்.)

அதே வினாவைக் கணுமுறையில் போடும்போது டமிக்குப் பெட்டி வேண்டாம். ஒவ்வொரு வேலையின் வால் இருக்கும் வட்டத்தைப் பாருங்கள். அங்கே முடியும் வேலைகள்தான் அதன் முன்வேலைகள். அங்கே ஒரு டமி முடிந்தால் அதன் வாலுக்குப் போய், அங்கே முடியும் வேலைகளையும் சேருங்கள். கொங்கிறீட் 3இல் தொடங்குகிறது. வெட்டுதல் அங்கே முடிகிறது, டமியைப் பின்தொடர்ந்தால் 2இல் சாமானும் கிடைக்கிறது. அவ்வளவுதான், பெட்டிகள் ஐந்தே.

ஒரு இடத்தில் மட்டும் விடைகள் உண்மையாகவே வேறுபடலாம். ஒரே வட்டத்தில் தொடங்கி ஒரே வட்டத்தில் முடியும் இரண்டு வேலைகளுக்கு ஒரே எண்சோடி வராமலிருக்கவும் பழைய நூல்கள் டமி போடும். 3 நாள் வேலையும் 5 நாள் வேலையும் அப்படி நின்று, 3 நாள் வேலையின் வாலுக்கு முன் அல்ல, தலைக்குப் பின் டமி வந்தால், நிகழ்வு நேரங்களை வைத்துக் கணக்கிடும் சூத்திரம் அந்த வேலையின் சுயாதீன மிதவையை, அதாவது அடுத்த வேலையைப் பிந்தவைக்காமல் அது பிந்தக்கூடிய நாளை, பூச்சியம் என்று காட்டி, 2 நாளையும் டமியிடம் கொடுத்துவிடும். கணுமுறையில் அந்த 2 நாளும் வேலையிடமே இருக்கும். மொத்த மிதவை, அதாவது முழுத்திட்டத்தையும் பிந்தவைக்காமல் ஒரு வேலை பிந்தக்கூடிய நாள், இரண்டு முறையிலும் மாறாது. ஆகவே மொத்த மிதவை ஒத்துப்போய்ச் சுயாதீன மிதவை மட்டும் ஒத்துப்போகாவிட்டால், விடையை வெட்டுவதற்கு முன் டமி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், பிள்ளைகளே.