‘வட்டு பழுது’ என்று திரையில் வந்தால்: தாய்க் கோப்பும் சேய்க் கோப்பும் பிரிந்த கதை

குமரி மாவட்டத்துச் சிறு நிறுவனங்களில் கணக்கு மென்பொருளை விண்டோஸின் ஹைப்பர்-வி உருவாக்கும் மெய்நிகர் கணினிக்குள் வைத்து நடத்துவது இப்போது பரவலாகிவிட்டது. மழைக்காலம் தொடங்கி மின்வெட்டுகள் வந்ததும் எனக்கு வரும் அழைப்புகளில், மெய்நிகர் வட்டு இணையவில்லை என்பதும் ஒன்று. வட்டுக் கோப்பு சிதைந்துவிட்டது என்ற செய்தியைப் படித்ததும் பலரும் மின்வெட்டின் மீதே பழி போடுகிறார்கள். ஆனால் மெய்நிகர் வட்டு முழுவதையும் தாங்கும் `.vhdx` வகைக் கோப்பில் தலைப்பகுதி இரண்டு பிரதிகளாக இருக்கிறது. கட்டமைப்பில் ஏற்படும் மாற்றங்கள் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்ட பிறகே உரிய இடத்துக்குப் போகின்றன. ஆகவே, திடீரென்று மின்சாரம் நின்றதால் மட்டும் கோப்பே திறக்காமல் போவது அரிது. பழைய `.vhd` வகையில் இந்தப் பதிவேடு கிடையாது என்பதால், அதற்கு இந்த உறுதியைத் தர முடியாது.

ஆகவே, செய்தியின் கடைசியில் வரும் எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். `0xC03A001A` என்று இருந்தால் கோப்பு பழுதாகவில்லை. அது சுருக்கப்பட்டோ, மறையாக்கம் செய்யப்பட்டோ இருக்கும் ஃபோல்டரில் கிடக்கலாம். கோப்பின் பண்புகளில் சுருக்கத்தையோ மறையாக்கத்தையோ நீக்கினால் பெரும்பாலும் இது தீர்ந்துவிடும். `0xC03A000E` என்று இருந்தால் நிலைமை வேறு: ஒரே வட்டைச் சேர்ந்த தாய்க் கோப்பும் சேய்க் கோப்பும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றித்தான், ஏனென்றால் அவசரப்பட்டு எடுக்கும் ஒரே ஒரு நடவடிக்கையில் மாதக்கணக்கான தரவு போய்விடக்கூடிய இடம் அது.

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரலில் கணக்கு மென்பொருளைப் புதுப்பிப்பதற்கு முன்பு, தேவைப்பட்டால் பழைய நிலைக்கே திரும்ப உதவும் ஒரு செக்பாயிண்ட்டை முன்னெச்சரிக்கையாக எடுத்திருந்தார்கள். வேலை முடிந்த பிறகு அதை யாரும் நீக்கவில்லை. ஆனி மாதத்து மழை மாலை ஒன்றில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து சர்வர் நின்றது. மின்சாரம் திரும்பியதும், இருப்புப் பட்டியல் உடனே வேண்டும் என்று கணக்கர் பையன் மெய்நிகர் கணினியை இயக்காமல், `kanakku.vhdx` கோப்பை நேராக இரட்டைக் கிளிக் செய்தார். புதிய டிரைவ் ஒன்று தோன்றியது. உள்ளே ஏப்ரல் வரையிலான கோப்புகளே இருந்ததால் குழம்பிப்போய் அதை மூடிவிட்டு, மெய்நிகர் கணினியை இயக்கினார். அது எழவே இல்லை. “சார், டிஸ்க் கரப்ட் ஆயிட்டுன்னு காட்டுது, கரண்டு போனதுலதான்னு நெனைக்கேன்” என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

செக்பாயிண்ட் எடுத்த நொடியிலிருந்து தாய்க் கோப்பான `.vhdx` உறைந்து நிற்கும். அதற்குப் பிறகு எழுதப்படுவதெல்லாம் `.avhdx` என்ற சேய்க் கோப்பில் மட்டுமே சேரும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இன்றைய வட்டு கிடைக்கும். தாய் எந்த நிலையில் இருந்தபோது தான் பிறந்தது என்பதைச் சேய்க் கோப்பு ஓர் அடையாள எண்ணாகத் தனக்குள் வைத்திருக்கிறது. தாய்க் கோப்பை எழுதும் அனுமதியோடு திறந்து, அதன் தரவு சிறிதளவு மாறினாலும் தாயிடம் உள்ள அந்த எண் புதிதாகிவிடும்; சேயிடம் பழைய எண்ணே இருக்கும். நீங்கள் எதையும் சேமிக்காவிட்டாலும், டிரைவாக இணைக்கும்போதே விண்டோஸ் தன் பதிவேடுகளை அதில் எழுதிவிடுகிறது. அப்போது இரண்டு எண்களும் பொருந்தாமல், ஹைப்பர்-வி சங்கிலி சிதைந்ததாக அறிவிக்கிறது.

இதை உறுதிப்படுத்த ஃபோல்டரைத் திறந்து கோப்புகளின் தேதியைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். அந்தக் கடையில் தாய்க் கோப்பு ஏப்ரல் தேதியில் நின்றிருக்க வேண்டும்; ஆனால் மின்சாரம் திரும்பிய பிறகான நேரத்தைக் காட்டியது. யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

இந்த இடத்தில் இரண்டு தவறுகளைச் செய்துவிடாதீர்கள். சேய்க் கோப்பை ‘தேவையற்ற தற்காலிகக் கோப்பு’ என்று நினைத்து அழிப்பது ஒன்று. மற்றொன்று இன்னும் ஆபத்தானது: மெய்நிகர் கணினியின் அமைப்பில் தாய்க் கோப்பை மட்டும் காட்டி இயக்கினால், அது நன்றாகவே எழும். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துப் பில் போடத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் அது ஏப்ரல் மாதத்து வட்டு; அதில் போடும் ஒவ்வொரு பில்லும் தாயைச் சேயிடமிருந்து மேலும் விலக்கும். ஒரு நாள் அப்படி ஓட்டிய பிறகு இரண்டையும் இணைத்தால், எந்தப் பகுதி யாருடையது என்று தெரியாத கலவையே மிஞ்சும்.

முதல் வேலை, இரண்டு கோப்புகளையும் வேறொரு வட்டுக்குப் பிரதி எடுப்பது. ஒற்றைக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டும் என்பதால் அந்த வட்டு FAT32 அமைப்பில் இருக்கக் கூடாது. பிரதி எடுக்கும்போதே படிக்க முடியவில்லை என்ற பிழை வந்தால், கோளாறு வன்தட்டில் இருக்கிறது. கீழே சொல்பவற்றை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பவரிடம் போக வேண்டும். பிரதி முடிந்த பிறகு, அசலைத் தொடாமல் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். நிர்வாகி உரிமையோடு திறந்த பவர்ஷெல்லில் நான் கொடுத்தவை இவை:

```
Set-VHD -Path E:\nagal\kanakku.avhdx -ParentPath E:\nagal\kanakku.vhdx -IgnoreIdMismatch
Test-VHD -Path E:\nagal\kanakku.avhdx
Mount-VHD -Path E:\nagal\kanakku.avhdx -ReadOnly
```

முதல் வரி, எண் பொருந்தாததைப் பொருட்படுத்தாமல் சேயைத் தாயோடு மறுபடி இணைக்கிறது. தாயின் பாதையாகப் பிரதியின் முழு முகவரியையே கொடுக்க வேண்டும். இரண்டாவது வரிக்கு `True` என்று பதில் வந்தால் சங்கிலி பொருந்திவிட்டது. மூன்றாவது வரி அதைப் படிக்க மட்டும் திறக்கிறது. செக்பாயிண்ட் பல இருந்தால், தாய்க்கு அடுத்து நிற்கும் சேய்க்கு முதல் வரியைக் கொடுக்க வேண்டும். சோதிப்பதும் திறப்பதும் கடைசிச் சேயை.

கடையின் வட்டைத் திறந்தபோது, மின்சாரம் போன மாலையின் பில்கள் வரை இருந்தன. இருந்தும் நான் அதை அப்படியே நம்பவில்லை. சேய் எழுதியிருந்த இடங்களில் சேயின் தரவே தெரியும். அது எழுதாத இடங்களில், தாயைத் திறந்தபோது விண்டோஸ் எழுதியவை தெரியும். ஆகவே கோப்பு அமைப்பின் அட்டவணையில் சிறு முரண்கள் இருக்கலாம். `Dismount-VHD` கொடுத்து மூடிவிட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு புதிய முழு வட்டை உருவாக்கினேன்:

```
Convert-VHD -Path E:\nagal\kanakku.avhdx -DestinationPath E:\pudhu\kanakku.vhdx -VHDType Dynamic
```

`Merge-VHD` கட்டளையும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அது தாய்க் கோப்பிலேயே எழுதிவிட்டுச் சேயை நீக்கிவிடும். இடம் இருக்கும்வரை நான் முந்தையதையே தேர்ந்தெடுப்பேன். புதிய வட்டை டிரைவாக இணைத்து `chkdsk` கட்டளையை எந்தத் தெரிவும் இல்லாமல் ஓட்டி, பிழைகளைப் பார்த்த பிறகே `/f` சேர்த்துத் திருத்தினேன். அதற்குப் பின் கணக்கு மென்பொருளின் சொந்தத் தரவுச் சோதனையை நடத்தி, கடைசி வாரத்து இருப்பைக் கைப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். `chkdsk` சரி என்று சொல்வது கோப்பு அமைப்புக்கு மட்டுமே பொருந்தும். தரவுத்தளத்துக்குள் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

அசல் இரண்டு கோப்புகளையும் அந்த ஆண்டின் கணக்குத் தணிக்கை முடியும்வரை அழிக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். வட்டிலிருந்து ஒரே ஒரு கோப்பு அவசரமாக வேண்டுமென்றால், மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு, ஃபோல்டரில் `.avhdx` இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் அதில் கடைசியாக உள்ளதையே `-ReadOnly` சேர்த்துத் திறக்க வேண்டும் என்பதைச் சர்வர் மேசையின் மேல் எழுதி ஒட்டியும் வைத்தோம்.